தாடை முடிக்கு லேசர்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

போன ஆனி மாதம் தோழி ஒருத்தி போன் செய்தாள். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தாலுகா ஊரில் 12 வருடமாகப் பார்லர் நடத்துகிறாள். "அக்கா, லேசர் மெஷின் ஒன்று பேசி முடிக்கிற நிலையில் இருக்கிறேன். 7 லட்சம் சொல்கிறார்கள். ஆடி பிறப்பதற்குள் அட்வான்ஸ் கொடுத்தால் தோலில் வைக்கும் ஹேண்ட்பீஸுக்குக் கூடுதல் வாரண்டி தருவார்களாம். எடுத்துவிடட்டுமா?" என்றாள். குரலிலேயே பாதி முடிவு எடுத்துவிட்டது தெரிந்தது.

அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. முடி நீக்கும் லேசர் பற்றிய வீடியோவைக் காட்டி, "இது நம்ம ஊரில் எப்போ வரும்?" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது அவளிடம் கேட்கிறார்கள். பக்கத்து ஊரில் ஒரு பார்லர் போர்டில் "லேசர்" என்று எழுதிவிட்டது. நான் சொன்னது ஒன்றுதான்: "அட்வான்ஸ் கொடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கடந்த மூன்று மாத ரெஜிஸ்டரை எடுத்து வை."

முதலில் லேசர் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. முடியின் கறுப்பு நிறமி, அதாவது மெலனின், லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு முடியின் வேருக்கு இறங்கி, அது மறுபடி வளரும் இடத்தைக் கெடுக்கிறது. ஆனால் வளர்ந்துகொண்டிருக்கும் கட்டத்தில் இருக்கும் முடி மட்டுமே இதற்குச் சரியாக மாட்டும். ஓய்வில் இருக்கும் முடி தப்பிவிடும், சில வாரம் கழித்து எழும். அதனால்தான் ஒரே தடவையில் முடியாது. முகம் என்றால் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, உடம்பு என்றால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 6 செஷன் வேண்டும். அதற்குப் பிறகும் முழுக்கப் போய்விடும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லேசர் கம்பெனிகளுக்கு அனுமதிக்கும் வாசகமே "நிரந்தரமாக முடி குறைதல்" என்பதுதான். முடி நிரந்தரமாக நீங்கும் என்று விளம்பரம் செய்ய அவர்களுக்கே அனுமதி இல்லை.

சரி, ரெஜிஸ்டருக்கு வருவோம். அவளுடைய நினைப்பு முழுக்கக் கல்யாணப் பெண்கள் மேல்தான் இருந்தது. பார்லருக்கு நல்ல பணம் வருவது பிரைடல் பேக்கேஜில்தான், அதில் லேசரையும் சேர்த்தால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கூடுதலாகப் பத்தாயிரம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தாள். நான் தேதிகளைக் கேட்டேன். நிச்சயம் ஆகி, கல்யாணத்துக்கு எவ்வளவு நாள் முன்னால் பெண்கள் அவளிடம் வருகிறார்கள்? புரட்டிப் பார்த்தோம். பெரும்பாலோர் ஒன்றரை மாதம், சிலர் மூன்று மாதம் முன்னால் வந்திருந்தார்கள். முகத்துக்கு 6 செஷன் என்றாலே ஏழு மாதம் வரை போய்விடும். கை, காலுக்கு ஒன்பது மாதம் வரை ஆகும். தை மாதக் கல்யாணத்துக்கு முந்தின சித்திரையிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். அப்போது மாப்பிள்ளையே முடிவாகியிருக்காது. இரண்டு செஷன் முடித்துவிட்டுத் தாலி கட்டிக்கொண்டு திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்விடும் பெண், மீதி நான்கு செஷனுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்பாள். கேட்பதும் சரிதான். ஆக, அவளுடைய கடையின் பெரிய வருமானத்துக்கும் இந்த மெஷினுக்கும் நாள் பொருந்தவே இல்லை. எந்தப் புதுச் சிகிச்சையாக இருந்தாலும், அது எத்தனை நாள் எடுக்கும், நம்மிடம் வருகிறவர்கள் அத்தனை நாள் நம்மிடம் இருப்பார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அப்படியானால் யார் இருப்பார்கள்? இருபது நாளுக்கு ஒருமுறை தவறாமல் வந்து தாடைக்கும் அப்பர் லிப்புக்கும் த்ரெட்டிங் செய்துகொண்டு போகிறவர்கள். வீட்டில் கணவருக்கே காட்ட மாட்டார்கள், பார்லரில் கதவை மூடச் சொல்வார்கள். லேசரால் உண்மையான நிம்மதி கிடைக்கக்கூடியவர்கள் இவர்கள்தான். அவளிடம் இப்படி 46 பேர் இருந்தார்கள். ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். 11 பேருக்குத் தாடையில் இருப்பதில் பெரும்பகுதி நரைமுடி. நரையில் மெலனின் இல்லை, லேசர் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. நாலு பேர் கர்ப்பமாகவோ கைக்குழந்தையோடோ இருந்தார்கள், அவர்களை இப்போதைக்கு விட்டுவிட்டோம். மீதி 31 பேர். இதில் பாதிப் பேருக்கு மாதவிடாய் சீராக வருவதில்லை என்று அவளே சொன்னாள். பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பைக் கோளாறு இருந்தால் ஹார்மோன் புதுப்புது முடியை எழுப்பிக்கொண்டே இருக்கும். முதலில் மகப்பேறு மருத்துவரையோ ஹார்மோன் மருத்துவரையோ பார்க்காமல் லேசர் மட்டும் செய்தால், 6 செஷனுக்குப் பணம் கட்டியவர் ஒரு வருடத்தில் "ஏமாத்திட்டீங்க" என்று வந்து நிற்பார்.

இன்னொரு தடங்கல் இருக்கிறது, மெஷின் விற்கிறவர்கள் அதைச் சொல்வதே இல்லை. லேசர் செய்ய முடியின் வேர் உள்ளே இருந்தாக வேண்டும். அதனால் நான்கு வாரம் முன்பிருந்தே த்ரெட்டிங், வேக்ஸிங், ப்ளக்கிங் எதுவும் கூடாது. செஷன்களுக்கு நடுவிலும் கூடாது. ஷேவ் மட்டும் செய்துகொள்ளலாம். ஒரு பெண்ணிடம் "ஏழு மாதம் தாடையை ஷேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஷேவ் செய்தால் முடி தடிமனாகிவிடும் என்ற பயம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. வெட்டின முனை மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, தடிமன் மாறுவதில்லை. எத்தனை முறை விளக்கினாலும் சிலர் எழுந்து போய்விடுவார்கள்.

அவளை ஒரு வேலை செய்யச் சொன்னேன். அந்த 31 பேரிடமும், மாதாமாதம் வேக்ஸிங்குக்கு வரும் 58 பேரிடமும், எத்தனை செஷன், எவ்வளவு பணம், ஷேவ் விஷயம், நரைக்குப் பலிக்காது, முழுக்கப் போகாது என எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, 500 ரூபாய் டோக்கன் கேட்கச் சொன்னேன். மூன்று மாதத்துக்குள் ஆரம்பிக்கவில்லை என்றால் திருப்பித் தந்துவிட வேண்டும். மூன்று வாரம் கழித்துக் கணக்கு வந்தது. விலையைக் கேட்ட பிறகும் சரி என்று தலையாட்டியவர்கள் 23 பேர். 500 ரூபாயை எடுத்துக் கொடுத்தவர்கள் எட்டு பேர்.

அந்த மூன்று வாரத்தில் மெஷினைப் பார்க்க அவளோடு நானும் போனேன். போகாமல் இருக்க என்னால் முடியாது, காரணம் இருக்கிறது.

2013-ல் நானும் ஒரு மெஷின் வாங்கினேன். "லேசர்தான் மேடம்" என்று சொல்லி விற்றார்கள். ஒன்றேகால் லட்சம். உண்மையில் அது லேசரே இல்லை. ஐ.பி.எல். எனப்படும் பளிச்சிடும் விளக்கு. லேசர் ஒரே அலைநீளத்தில் ஒளி விடும். ஐ.பி.எல். விளக்கோ பல அலைநீளங்களைக் கலந்து விடும், ஒரு வடிகட்டிக் கண்ணாடி அதில் கொஞ்சத்தை மட்டும் தடுக்கும். அந்தக் கலப்பில் கணிசமான பங்கைத் தோலின் மேல்பரப்பில் இருக்கும் மெலனினே வாங்கிக்கொள்ளும். வெளுத்த தோலுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. நம் தோலுக்கு இது நேராகச் சூடு வைப்பதுதான். ஒரு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ். மூன்றாவது வாரம், மாநிறத்துக்கும் சற்றுக் கறுத்த நிறத்தில் ஒரு கல்லூரி ஆசிரியைக்குத் தாடையில் செய்தேன். "கொஞ்சம் எரியுது" என்றார். எரியத்தான் செய்யும் என்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள், அதையே நானும் சொன்னேன். மறுநாள் விளக்கின் கண்ணாடி அளவுக்கே, ஓரம் நேராக, செவ்வகமாகக் கொப்புளம். ஆறியபின் அதே அளவில் கறுப்புத் தழும்பு, மங்குவதற்குப் பதினாலு மாதம் ஆனது. அந்தப் பதினாலு மாதமும் அவர் தாவணிபோலத் துப்பட்டாவைத் தாடை வரை இழுத்துவிட்டுக்கொண்டு வகுப்பெடுத்தார். சிகிச்சைச் செலவை நான் கொடுத்தேன், வழக்கு எதுவும் போடவில்லை. அந்த மெஷினை நான் யாருக்கும் விற்கவில்லை, உடைத்துப் போட்டேன்.

அன்று எனக்குத் தெரியாமல் போன விஷயத்தைத்தான் இன்று யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன். முடியில் இருக்கும் மெலனினும் தோலில் இருக்கும் மெலனினும் ஒன்றேதான், ஒளிக்கு வித்தியாசம் தெரியாது. தோலின் நிறத்தை 1 முதல் 6 வரை வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவில் நம்மில் பெரும்பாலோர் 4, 5-ல் வருவோம். அலைநீளம் கூடக் கூட ஒளி ஆழமாக இறங்கும், மேல்தோலின் மெலனின் அதைக் குறைவாக உறிஞ்சும். 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசர் வெளுத்த தோலுக்கு நன்றாக வேலை செய்யும், நமக்கு ஆபத்து. 808 அல்லது 810 டையோடு லேசரைச் சரியான அமைப்பில் வைத்தால் நமக்குச் செய்யலாம். 1064 என்.டி.யாக் லேசர் கறுத்த தோலுக்கு மிகவும் பாதுகாப்பானது, ஆனால் மெல்லிய முடியில் அவ்வளவு பலன் தராது. இப்போது "மூன்று அலைநீளம் ஒரே ஹேண்ட்பீஸில்" என்று பெருமையாக விற்கிறார்கள். அதில் ஒன்று 755. அதைத் தனியாக அணைக்க முடியுமா என்று கேளுங்கள்.

அலைநீளம் மட்டும் போதாது. ஒளியின் ஒவ்வொரு ஷாட்டும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அதாவது துடிப்பு நேரம் எவ்வளவு என்பதுதான் தோலைக் காப்பாற்றும். மேல்தோல் மெல்லியது, வாங்கிய சூட்டைச் சில மில்லிசெகண்டில் இறக்கிவிடும். முடியின் வேர்ப்பகுதி தடிமனானது, சூட்டைப் பல பத்து மில்லிசெகண்ட் பிடித்து வைத்திருக்கும். அதே சக்தியை 5 மில்லிசெகண்டில் கொட்டினால் தோல் பொசுங்கும். 30 மில்லிசெகண்டுக்கு மேல் நிதானமாகக் கொடுத்தால், தோல் ஆறிக்கொண்டே வரும், வேர் மட்டும் சூடேறும். கூடவே ஹேண்ட்பீஸின் முனை சில்லென்று இருக்க வேண்டும். எனவே டெமோவில் இந்த இரண்டையும் பார்த்தோம். திரையில் துடிப்பு நேரத்தை நாமே மாற்ற முடிகிறதா? அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டிய பிறகும் முனை கையில் குளிர்கிறதா? அவர்கள் காட்டிய மெஷினில் நிறம் 4, நிறம் 5 என்று பொத்தான் மட்டும் இருந்தது. துடிப்பு நேரம் எவ்வளவு என்று கேட்டால், "அது ஆட்டோமேட்டிக் மேடம்" என்றார்கள். இருபது நிமிடத்தில் முனை வெதுவெதுப்பாகிவிட்டது. வெளியே ஆனி மாத வெயில், அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தும் இந்த நிலை.

மெஷினின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் படியுங்கள். உண்மையான லேசர் என்றால் அலைநீளம், சக்தி, எந்த வகுப்பு லேசர் என்பதெல்லாம் எச்சரிக்கை முக்கோணத்தோடு அச்சாகியிருக்கும். முடி நீக்கும் லேசர்கள் 4-ஆம் வகுப்பு. கண்ணுக்கு நேராகப் பட்டால் நிரந்தரக் கேடு. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் மருத்துவச் சாதனங்கள் எல்லாமே மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன, அதனால் இறக்குமதி உரிமத்தின் நகலைக் கேட்பதும் தப்பில்லை. கேட்டோம். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார்கள், வரவில்லை.

அப்புறம் ஷாட் கணக்கு. இந்த மெஷின்களில் தேய்வது ஹேண்ட்பீஸ்தான். 2 கோடி ஷாட் என்று சொல்கிறார்கள், கேட்க மலைப்பாக இருக்கும். செகண்டுக்கு 10 ஷாட் வீதம் தோலில் நகர்த்திக்கொண்டே போகும் முறையில், இரண்டு கால் முழுக்கச் செய்ய அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், அதாவது 20 ஆயிரம் ஷாட். 2 கோடி என்பது 1,000 கால் செஷன். சின்ன ஊருக்கு அது தாராளம். ஆனால் பழைய ஹேண்ட்பீஸ், திரையில் காட்டுகிற சக்தியைத் தோலுக்குக் கொடுக்காது. உள்ளே இருக்கும் டையோடுகளில் சில செத்துப்போயிருக்கும், எண் மட்டும் அப்படியே இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி சக்தி அளக்கும் மீட்டர். வருடத்துக்கு ஒருமுறை வந்து அளந்து எழுதித் தருவார்களா என்பதைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் மெஷினில் ஷாட் எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து விற்பதும் நடக்கிறது.

பயிற்சி என்று அவர்கள் தருவது இரண்டு நாள். பொத்தானை அழுத்த அது போதும். யாருக்கு அழுத்தக் கூடாது என்று தெரிந்துகொள்ளப் போதாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரையோ டாக்ஸிசைக்ளினோ சாப்பிடுகிறாரா, உதட்டோரம் அடிக்கடி அக்கி மாதிரிக் கொப்புளம் வருமா, போன வாரம் கொடைக்கானல் போய் வெயிலில் கறுத்துவிட்டு வந்தாரா, தாடையில் இருப்பது மச்சமா, அந்த மச்சம் சமீபத்தில் மாறியிருக்கிறதா? கடைசிக் கேள்வி முக்கியமானது. சந்தேகமான மச்சத்தின் மேல் லேசர் அடித்தால் அது மாறுவதைப் பிறகு கண்டுபிடிப்பது கடினம். இதையெல்லாம் கேட்டு முடிவெடுப்பது ஒரு மருத்துவரின் வேலை. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் 2008-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பயிற்சி பெற்ற மருத்துவரைத்தான் பொறுப்பாக்குகிறது.

செய்யும்போதும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. ஷாட் அடித்த சில நிமிடங்களில் ஒவ்வொரு முடியின் காலடியிலும் சின்னச் சிவந்த தடிப்பு வரும். அது நல்ல அடையாளம், சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அதற்கு மாறாகத் தோல் சாம்பல் பூத்தமாதிரி வெளிறினாலோ, ஹேண்ட்பீஸின் வடிவத்திலேயே சிவந்தாலோ அங்கேயே நிறுத்திக் குளிர்விக்க வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு தெரிவதே கடினம் என்பதால் வாடிக்கையாளர் சொல்லும் வார்த்தையைத்தான் நம்ப வேண்டும். ரப்பர் பேண்ட் சுண்டியமாதிரி இருக்கிறது என்றால் சரி, எரிந்துகொண்டே இருக்கிறது என்றால் சரியில்லை. முதல் தடவை காதுக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் சோதனை ஷாட் போட்டு, ஒன்றிரண்டு வாரம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போக வேண்டும். கறுப்புத் தழும்பு மறுநாளே தெரிய வேண்டும் என்று இல்லை. அந்தக் கல்லூரி ஆசிரியைக்கு இந்தச் சோதனை ஷாட்டை நான் போட்டிருந்தால் போதும்.

பார்லரில் இரண்டு கோரிக்கை நிச்சயம் வரும். ஒன்று, "புருவத்தையும் லேசரில் ஷேப் பண்ணிடுங்க." கண்குழியின் எலும்பு வளையத்துக்குள் லேசர் கூடவே கூடாது. மூடிய இமை வழியாகவும் ஒளி புகுந்து கண்ணின் உட்பகுதியைப் பாதித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இரண்டாவது, கன்னத்தில் இருக்கும் பூனைமுடியை எடுக்கச் சொல்வது. அங்கே சில பெண்களுக்கு லேசர் நேர்மாறாக வேலை செய்கிறது. வேரைக் கெடுக்கும் அளவுக்குப் போகாத சூடு, தூங்கிக்கொண்டிருந்த மெல்லிய முடியைத் தட்டி எழுப்பிவிட, அது தடித்த கறுத்த முடியாக வளர்கிறது. கன்னம், தாடைக் கோடு, கழுத்து ஆகிய இடங்களில், கறுத்த தோலும் ஹார்மோன் கோளாறும் உள்ளவர்களிடம்தான் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அதாவது அவளிடம் டோக்கன் கொடுத்த பெண்களைப் போன்றவர்களிடம்.

புகையையும் சொல்ல வேண்டும். முடி கருகும் நாற்றம் வெறும் நாற்றம் இல்லை. அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, அந்தப் புகையில் பென்சீன், டொலுயீன் போன்ற கேடான வேதிப்பொருள்கள் இருப்பதைக் கண்டது. வாடிக்கையாளர் அரை மணி நேரத்தில் போய்விடுவார். நாள் முழுக்க அந்த மூடிய ஏ.சி. அறையில் மூச்சு விடப்போவது வேலை செய்யும் பெண். ஆகவே புகை உறிஞ்சியும் செலவுக் கணக்கில் ஏறுகிறது.

இப்போது கணக்கு. அவளுடைய வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து நோட்டில் எழுதினோம். மெஷின் வரியோடு சேர்த்து சுமார் 8 லட்சம். பார்லர் சேவைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்துவிட்டது, ஆனால் உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. அந்த முறையில் கணக்கு வைக்கும்போது மெஷினுக்குக் கட்டிய வரி திரும்பாது. தனி ஏ.சி., ஸ்டெபிலைசர், அந்த அலைநீளத்துக்கே உரிய கண்ணாடிகள், புகை உறிஞ்சி எல்லாம் 1,20,000. இரண்டு பேருக்கு உருப்படியான பயிற்சி 40,000. மொத்தம் 9,60,000. இதை 12 சதவீத வட்டியில் நாலு வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 25,300.

அதோடு மாதாமாதம்: பராமரிப்பு ஒப்பந்தம் 6,000, அடுத்த ஹேண்ட்பீஸுக்கு எடுத்து வைப்பது 4,000, மாதம் இரண்டு அரைநாள் வந்து பார்க்கும் மருத்துவருக்கு 16,000, மின்சாரம், ஜெல், ரேசர் 3,500, பணியாளர் சம்பளத்தில் இந்த வேலையின் பங்கு 7,000, காப்பீடு 1,500. கூட்டினால் 63,300. பேனாவை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "அக்கா, மெஷின் தவணை 25 ஆயிரம்தான். மத்ததெல்லாம் எங்கிருந்து வந்தது?"

அங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தவணையை மட்டும் 2,000 ரூபாய் செஷனால் வகுத்தால் மாதம் 13 செஷன் போதும், நாலு நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். முழுச் செலவை வகுத்தால் 32 செஷன் வருகிறது. வருடத்துக்கு 384. ஒருவருக்கு 6 செஷன் என்றால் வருடத்துக்கு 64 புதுப் பெண்கள் முழுப் பேக்கேஜ் எடுக்க வேண்டும், அதுவும் லாபமே இல்லாமல் கைக்குக் கை சரியாக வருவதற்கு. த்ரெட்டிங்குக்கு எத்தனை முறை வந்தாலும் வாடிக்கையாளர் தீர்வதில்லை, இருபது நாளில் திரும்பி வருவார். லேசரில் நன்றாக வேலை செய்தால் அவர் போய்விடுவார், அடுத்த வருடம் வேறு 64 பேரைத் தேட வேண்டும். போகிறவர் கூடவே தாடை த்ரெட்டிங்கில் அவர் தந்துகொண்டிருந்த வருடத்துக்கு 1,800 ரூபாயும் போகும். கையில் இருக்கும் டோக்கன் எட்டு. தலையாட்டிய 23 பேரும் வந்தாலும் பாதிகூட இல்லை.

ஊர் பெரிதாக இருந்தால், திருச்சி, மதுரை மாதிரி, இதே கணக்கு வேறு மாதிரி முடியலாம். அங்கே ஒரு தோல் மருத்துவரே கூட்டாளியாக இருந்தால், மருத்துவருக்குத் தரும் 16 ஆயிரமும் வெளிச் செலவாக இருக்காது. ஆனால் இவளுடைய ஊரில், இந்த மெஷினை, இந்த விலைக்கு வாங்குவது கூடாது என்று நான் நேராகவே சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

டோக்கன் கொடுத்த எட்டு பேர் கண்முன் நின்றார்கள். அவர்களுடைய தேவை பொய்யில்லை. அந்த ஊரில் வாரம் ஒருநாள் வந்து போகும் தோல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார், அவருடைய கிளினிக் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவானது. அவரிடம் போய்ப் பேசினோம். டையோடு லேசரை ஆபரேட்டரோடு ஒரு நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு வாரத்துக்கு ஒருநாள், செஷன் இடைவெளிக்கும் அது சரியாகப் பொருந்துகிறது. வாடகையும் பில்லும் கிளினிக் பெயரில். ஆள் அனுப்பியதற்குக் கமிஷன் என்ற பேச்சை எடுக்கவே இல்லை, மருத்துவர்களின் ஒழுங்கு விதிகள் அதைத் தடை செய்கின்றன. அவள் அன்று முழுக்க அங்கே உதவியாளராக வேலை செய்வாள், அதற்கு நாள் சம்பளம். மருத்துவர் யாரை எடுக்கிறார், யாரைத் திருப்பி அனுப்புகிறார், எந்த அமைப்பில் எந்தத் தோலுக்கு என்ன ஆகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பாள். இரண்டு நாள் பயிற்சியில் இது கிடைக்காது.

முதல் நாள் எட்டு பேரில் ஆறு பேரைத்தான் மருத்துவர் எடுத்துக்கொண்டார். ஒருத்தருக்குத் தைராய்டு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். இன்னொருத்தருக்குப் பூனைமுடிதான் அதிகம், வேண்டாம் என்றுவிட்டார். இருவருடைய 500 ரூபாயையும் தோழி அன்று மாலையே வீட்டுக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். மூன்றாவது செஷன் கார்த்திகையில். அதற்குள் புதிதாக எத்தனை பேர் டோக்கன் கொடுக்கிறார்கள் என்று அந்த நோட்டில் தனிப் பக்கம் போட்டு எழுதிக்கொண்டு வருகிறாள். போன வாரம் வரை நான்கு.